வளரிளம் பருவத்தினரின் கைப்பேசி நேரம்: கட்டுப்பாட்டுக் கருவிகளும் அவற்றின் எல்லைகளும்

நமது நாட்டில் கைப்பேசி கல்விச் சாதனமாகப் பெருமளவில் வீடுகளுக்குள் நுழைந்தது, பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020, 2021ஆம் ஆண்டுகளிலாகும். பாடங்கள் அதன் வழியே வந்தன. வீட்டுப்பாடமும் அதன் வழியே அனுப்பப்பட்டது. பள்ளிகள் திறக்கப்பட்ட பின்னரும் கைப்பேசி மாணவரின் கையை விட்டு அகலவில்லை. ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட 2024ஆம் ஆண்டின் அசர் கல்வி ஆய்வு, 14 முதல் 16 வயது வரையுள்ளோரில் 82 சதவீதத்தினர் ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்தவர்கள் என்று கண்டறிந்தது. ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் அதனைக் கல்விக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதத்தினர். சமூக ஊடகங்களுக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதத்தினர்.

ஒரே கருவி பாடப்புத்தகமாகவும் பொழுதுபோக்குக் கூடமாகவும் இருக்கும்போது, அதற்கு நேர வரம்பு விதிப்பது எளிதன்று. எனினும் பல பெற்றோர் இதற்கென உள்ள வசதிகளை நாடி வருகின்றனர். அவ்வசதிகள் எவ்வாறு இயங்குகின்றன, எதைச் செய்ய வல்லவை, எந்த இடத்தில் பயனற்றுப் போகின்றன என்பதை அறிந்துகொண்டால், அவற்றிடம் தகுதிக்கு மீறி எதிர்பார்த்து ஏமாற வேண்டியதில்லை. நம் நாட்டில் மிகப் பெரும்பான்மையான கைப்பேசிகள் ஆண்ட்ராய்டு வகையைச் சேர்ந்தவை. ஆகவே அவ்வகையையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

இரு வகைக் கருவிகள்

முதல் வகை, கைப்பேசியிலேயே அமைந்திருப்பது. Settings பகுதியில் Digital Wellbeing என்ற பெயரில் அது காணப்படும். நாள்தோறும் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை அது கணக்கிட்டுக் காட்டும். ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே நேர வரம்பு விதிக்கலாம். வரம்பு முடிந்ததும் அச்செயலியின் சின்னம் சாம்பல் நிறமாகும். நள்ளிரவுக்குப் பின் மீண்டும் திறக்கும். இது கைப்பேசியைப் பயன்படுத்துபவர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ள உருவாக்கப்பட்ட வசதியாகும். ஆகையால் வரம்பை விதித்தவரே அரை நிமிடத்தில் அதனை நீக்கிவிடவும் முடியும். மகனின் கைப்பேசியில் தந்தை இந்த வரம்பை அமைத்துவிட்டு நிம்மதி அடைவதில் பொருளில்லை. இது பூட்டு அன்று, நினைவூட்டலே.

இரண்டாவது வகை, பெற்றோரின் கைப்பேசியிலிருந்து பிள்ளையின் கைப்பேசியை மேற்பார்வையிடுவது. கூகுள் நிறுவனத்தின் ஃபேமிலி லிங்க் இவ்வகையைச் சேர்ந்தது. இதில் நான்கு கட்டுப்பாடுகள் முக்கியமானவை. Daily limit என்பது ஒரு நாளின் மொத்த நேர வரம்பு. Downtime என்பது இரவில் குறிப்பிட்ட நேரத்திலிருந்து மறுநாள் காலை வரை கைப்பேசியைப் பூட்டிவைப்பது. School time என்பது பள்ளி நேரத்தில் பயன்பாட்டைச் சுருக்குவது. App limits என்பது தனித்தனிச் செயலிகளுக்கான வரம்பு. தேவையான செயலியை ‘எப்போதும் அனுமதி’ என்ற பட்டியலில் சேர்த்தால், அதில் கழியும் நேரம் அன்றைய மொத்தக் கணக்கில் சேராது. அவசியம் ஏற்பட்டால் பெற்றோர் தம் கைப்பேசியிலிருந்து கூடுதல் நேரமும் வழங்கலாம்.

13 வயது நிறைந்தவரின் கணக்கை மேற்பார்வைக்குள் கொண்டுவர வேண்டுமெனில், அவருடைய இசைவு வேண்டும். அவர் தமது கடவுச்சொல்லை இட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் விரும்பினால் தாமாகவே மேற்பார்வையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்பதே நெடுங்காலமாக விதியாக இருந்தது. விலகுவதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்ற மாற்றத்தைக் கூகுள் 2026ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்தது. விதி எவ்வாறாயினும், தொடக்கத்தில் பிள்ளையின் சம்மதம் இன்றி இக்கருவி இயங்காது என்பதைப் பெற்றோர் மனத்திற்கொள்ள வேண்டும். சிறு குழந்தைக்குப் பொருந்தும் முறை, பத்தாம் வகுப்பு மாணவருக்குப் பொருந்தாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இக்கருவிகள் நடைமுறையில் எவ்வாறு செயல்படும் என்பதை விளக்க, நாகபுரி போன்ற ஒரு நகரில் வாழும் நடுத்தரக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்பவர்கள். மகள் பத்தாம் வகுப்பில் பயில்கிறாள், வயது 15. தாயார் முன்பு பயன்படுத்திய கைப்பேசி இப்போது அவளிடம் உள்ளது. காலை 5.30 மணிக்கு எழ வேண்டிய அவள், எழுப்பினாலும் எழுவதில்லை என்பதே பெற்றோரின் குறை.

வரம்பு எதனையும் விதிக்கும் முன், ஒரு வாரக் கணக்கைப் பார்ப்பது முறையாகும். வேலை நாட்களின் சராசரிப் பயன்பாடு 4 மணி 10 நிமிடம் எனக் கொள்வோம். யூடியூபில் 95 நிமிடம், இன்ஸ்டாகிராமில் 65 நிமிடம், வாட்ஸ்அப்பில் 50 நிமிடம், குரோம் உலாவியில் 20 நிமிடம், ஏனையவற்றில் 20 நிமிடம். மொத்த நேரத்தைக் கண்டதுமே பெற்றோர் திடுக்கிடுவது இயல்பு. ஆயினும் மொத்தத்தைவிட முக்கியமான விவரம் ஒன்று உண்டு. அந்த நேரம் நாளின் எப்பகுதியில் கழிந்தது என்பதே அது. இம்மாணவியின் கணக்கில் 80 நிமிடங்கள் இரவு 10 மணிக்குப் பின் கழிந்தவை.

பெற்றோர் முதலில் செய்தது, நாளொன்றுக்கு 2 மணி நேரம் என மொத்த வரம்பு விதித்தது. முதல் வாரத்திலேயே இடர்ப்பாடு எழுந்தது. மாலை 5 மணிக்குத் தொடங்கும் கணிதப் பயிற்சி வகுப்பு யூடியூபில் 90 நிமிடம் நடைபெறுகிறது. பள்ளியிலிருந்து வந்ததும் அரைமணி நேரம் பிற பயன்பாடு. ஆக, வகுப்பு முடியும்போதே அன்றைய வரம்பும் முடிந்துவிட்டது. வீட்டுப்பாடம் வரும் வாட்ஸ்அப் குழுவும் பூட்டப்பட்டது. மகள் கூடுதல் நேரம் கேட்டாள். தாயார் அலுவலகத்திலிருந்து 30 நிமிடம் வழங்கினார். ஐந்து வேலை நாட்களில் நான்கு நாட்கள் இவ்வாறே நடந்தது. மறுத்தால் படிப்புக் கெடும். வழங்கினால் வரம்புக்குப் பொருளில்லை. வாட்ஸ்அப்பை ‘எப்போதும் அனுமதி’ பட்டியலில் சேர்த்தபோது வீட்டுப்பாடச் சிக்கல் தீர்ந்தது; ஆனால் அரட்டைக்கும் வரம்பு இல்லாமற் போயிற்று.

கருவியின் முதல் குறைபாடு இங்கே புலப்படுகிறது. அது செயலியை அறியும். செயலிக்குள் நடப்பதை அறியாது. கணிதப் பாடமும் குறுங்காணொளிகளின் தொடரும் அதற்கு ஒன்றே. இரண்டும் யூடியூப் நேரந்தான். குறுங்காணொளிகளுக்கு மட்டும் தினசரி வரம்பு வைத்துக்கொள்ளும் வசதியை யூடியூப் 2025ஆம் ஆண்டு அக்டோபரில் அறிமுகப்படுத்தியது. ஆயினும் பெரியவர் தமக்காக அமைத்துக்கொள்ளும் அந்த வரம்பில், அறிவிப்பை விலக்கிவிட்டுத் தொடர்ந்து பார்க்க இயலும்.

நேரம் இடம் பெயர்தல்

இரண்டாம் வாரத்தில் பெற்றோர் மொத்த வரம்பைக் கைவிட்டு, இன்ஸ்டாகிராமுக்கு மட்டும் 30 நிமிடம் என வரையறுத்தனர். வார இறுதியில் பார்க்கையில் இன்ஸ்டாகிராம் 65 நிமிடத்திலிருந்து சரியாக 30 நிமிடத்திற்குக் குறைந்திருந்தது. திட்டம் வெற்றி பெற்றதாகத் தோன்றியது. ஆனால் குரோம் உலாவியின் நேரம் 20 நிமிடத்திலிருந்து 50 நிமிடமாக உயர்ந்திருந்தது. செயலி பூட்டப்பட்டதும் அதே சேவையை உலாவியின் வழியே திறந்து பார்த்ததே காரணம். கட்டுப்பாடு செயலிக்கு விதிக்கப்பட்டதே தவிர, இணையதளத்திற்கு விதிக்கப்படவில்லை.

ஒன்றில் குறைந்த நேரம் மற்றொன்றில் ஏறத்தாழ அதே அளவு கூடியிருந்தால், பயன்பாடு குறையவில்லை, இடம் பெயர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆகவே வரம்பு விதித்த செயலியின் நேரத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வருவது தவறு. விதிக்காத செயலிகளின் நேரத்தையே முதலில் பார்க்க வேண்டும். குரோம் உலாவியில் குறிப்பிட்ட தளத்தைத் தடுக்கும் வசதி ஃபேமிலி லிங்கில் உண்டு. அதைச் செய்தால் அந்த வழி அடைபடும்.

ஆயினும் வேறொரு வழியை எந்த அமைப்பாலும் அடைக்க இயலாது. அது வீட்டிலுள்ள பிற கருவிகள். தந்தையின் கைப்பேசி, பாட்டியின் கைப்பேசி, இணைய வசதியுள்ள தொலைக்காட்சி ஆகியவை மகளின் கணக்கைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் கழியும் நேரம் எந்தக் கணக்கிலும் வாராது. பிள்ளையிடமே இரண்டு கருவிகள் இருந்தால், மொத்த வரம்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பொருந்தும். 2 மணி நேர வரம்பு 4 மணி நேரமாகிவிடும். முன்னர்க் குறிப்பிட்ட அசர் ஆய்வின்படி, ஸ்மார்ட்போனை இயக்கத் தெரிந்த 14 வயதினரில் சொந்தமாகக் கைப்பேசி உள்ளவர்கள் 27 சதவீதத்தினர் மட்டுமே. 16 வயதினரிலும் ஏறக்குறைய 38 சதவீதத்தினரே. எஞ்சியோர் வீட்டாரின் கைப்பேசியையே வாங்கிப் பயன்படுத்துகின்றனர். ஒருவருக்கு ஒரு கைப்பேசி, ஒரு கணக்கு என்ற அடிப்படையில் அமைந்த கட்டுப்பாட்டு முறை, பலர் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் பொருந்துவதில்லை. தந்தையின் கைப்பேசியில் வரம்பு விதித்தால் அது தந்தைக்கே வரம்பாகும்.

இரவு நேரமே முதன்மையானது

அப்படியாயின் இக்கருவிகளால் பயனில்லையா? உண்டு. ஆனால் அது மொத்த நேரத்தைக் குறைப்பதில் அன்று, இரவைக் காப்பதில் உள்ளது.

இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் வெளியிட்டுள்ள வழிகாட்டுதல்கள் இதற்கு அரண் செய்கின்றன. இளங்குழந்தைகளுக்கு இத்தனை மணி நேரம் என வரம்பு கூறும் அவ்வழிகாட்டுதல்கள், பத்து வயதைக் கடந்தவர்களுக்கு அவ்வாறு ஓர் எண்ணை முன்வைக்கவில்லை. நாள்தோறும் உடற்பயிற்சி, 8 முதல் 9 மணி நேர உறக்கம், படிப்பு, உணவு, நண்பர்கள், குடும்பத்தாருடன் கழிக்கும் பொழுது ஆகியவற்றைத் திரைநேரம் அபகரிக்கக் கூடாது என்பதே அவற்றின் சாரம். காலை 5.30க்கு எழ வேண்டிய மாணவி 8 மணி நேரம் உறங்க வேண்டுமாயின் இரவு 9.30க்குப் படுத்தாக வேண்டும். நள்ளிரவு வரை திரையைப் பார்ப்பவளுக்குக் கிடைப்பது ஐந்தரை மணி நேரமே.

இரவில் பாடமும் பொழுதுபோக்கும் கலந்து நிற்கும் சிக்கல் குறைவு. இரவு 9.30க்குப் பின் பயிற்சி வகுப்பு இல்லை. வீட்டுப்பாடக் குழுவில் பதில் அளிக்க வேண்டிய அவசரமும் இல்லை. ஆகவே இந்த நேரத்திற்குப் பூட்டு இடுவதில் பேரம் பேச இடமில்லை. மேற்சொன்ன குடும்பம் மூன்றாம் வாரத்தில் மொத்த வரம்பை மீண்டும் கொண்டுவரவில்லை. மாறாக, இரவு 9.30 முதல் காலை 5.30 வரை Downtime அமைத்தது. இன்ஸ்டாகிராமுக்கு 45 நிமிடம் என்பதை மகளே கூறினாள், அது ஏற்கப்பட்டது. யூடியூபுக்கு வரம்பு விதிக்கப்படவில்லை. இவற்றுடன் கருவியில் இல்லாத விதி ஒன்றும் சேர்க்கப்பட்டது. இரவு 9.30க்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும், தந்தையுடையதும் உட்பட, கூடத்தில் ஒரே இடத்தில் மின்னேற்றம் செய்யப்படும். எழுப்புமணிக்காகக் கைப்பேசி வேண்டும் என்ற காரணம் எழாதிருக்க, சாதாரணக் கடிகாரம் ஒன்று வாங்கப்பட்டது.

நான்காம் வாரக் கணக்கில் இரவு 10 மணிக்குப் பின்னிருந்த 80 நிமிடமும் மறைந்தது. அதில் 20 நிமிடம் மாலைப் பொழுதுக்கு இடம் பெயர்ந்தது. ஆக நிகரமாகக் குறைந்தது ஒரு மணி நேரம். மொத்தம் இன்னமும் 3 மணி 10 நிமிடம் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் இது பெரிய வெற்றியன்று. ஆனால் குறைந்த அந்த ஒரு மணி நேரம் உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்த நேரமாகும். கைப்பேசிகள் அனைத்தும் கூடத்தில் இருப்பதால், கட்டுப்பாடற்ற வேறொரு கைப்பேசிக்கு மாறும் வழியும் இரவில் அடைபட்டது. மென்பொருளால் இயலாததை ஒரு மேசை செய்து முடித்தது.

சேவை நிறுவனங்கள் தரும் வரம்புகள்

செயலிகளை நடத்தும் நிறுவனங்களும் தாமாகவே சில வரம்புகளை அளிக்கின்றன. இன்ஸ்டாகிராம் 18 வயதுக்குட்பட்டோருக்கான தனிவகைக் கணக்குகளை 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்து, 2025ஆம் ஆண்டு இந்தியாவிற்கும் விரிவுபடுத்தியது. நாளொன்றுக்கு 60 நிமிடம் ஆனதும் வெளியேறுமாறு அது நினைவூட்டும். இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவைக்கும். ஆனால் நினைவூட்டல் தடையாகாது. மேலும் பதிவு செய்யும்போது வயதைக் கூட்டிச் சொன்ன பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் கிட்டுவதில்லை.

நினைவூட்டலின் ஆற்றல் எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2020ஆம் ஆண்டில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட டிக்டாக், பிற நாடுகளில் இளையோருக்கு 60 நிமிட வரம்பை 2023ஆம் ஆண்டில் அறிவித்தது. வரம்பு முடிந்ததும் ஒரு குறியெண்ணை இட்டால் மேலும் தொடரலாம். அமெரிக்க மாநிலங்கள் தொடுத்த வழக்குகளின் வாயிலாக அந்நிறுவனத்தின் உள் ஆவணங்கள் சில 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியாயின. அவற்றின்படி, அந்த வசதியைச் சோதித்தபோது இளையோரின் சராசரி தினசரிப் பயன்பாடு 108.5 நிமிடத்திலிருந்து 107 நிமிடமாகக் குறைந்தது. அதாவது ஒன்றரை நிமிடம். ஆவணங்கள் சூழலிலிருந்து பிரித்துக் காட்டப்பட்டுள்ளன என்பது நிறுவனத்தின் மறுமொழி. எனினும், தானே விலக்கிக்கொள்ளக்கூடிய வரம்பு பழக்கத்தை எவ்வளவு சிறிதே மாற்றுகிறது என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்குகிறது. பக்கத்திற்கு முடிவே இல்லை. நிறுத்துவதற்கு இயல்பான இடமே இல்லாத ஓர் அமைப்பில், வெளியிலிருந்து ஒரு கடிகாரத்தை மாட்டிவைப்பதே நேர வரம்பு. அமைப்பை மாற்றும் ஆற்றல் பெற்றோரிடம் இல்லை. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர் அனைவரையும் குழந்தை என வரையறுக்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. அவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதையும் அவர்களை இலக்காகக் கொண்ட விளம்பரங்களையும் பொதுவாகத் தடுக்கிறது. அதற்கான விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டு, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. முடிவற்ற பக்கத்தையும் தானே ஓடும் காணொளியையும் பற்றி அச்சட்டம் தனியே பேசவில்லை.

கருவி எட்டாத இடம்

இறுதியாக, நேரத்தை அளக்கும் கருவி காரணத்தை அளப்பதில்லை. தோழியரின் குழுவிலிருந்து விலக்கப்பட்டதால் இரவெல்லாம் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணும், வெறும் பழக்கத்தால் பார்க்கும் பெண்ணும் கணக்கில் ஒரே எண்ணாகவே தோன்றுவர். ஒருவர் பயன்படுத்தும் நேரம் சிறிதாயினும், அந்தச் சிறிது நேரத்தில் மிரட்டலோ அவமதிப்போ நிகழ்ந்திருக்கலாம். அதனை எந்த வரம்பும் தடுக்காது. கைப்பேசியைப் பறித்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், பிள்ளை அதனை வீட்டில் சொல்லவும் தயங்கும்.

சில அறிகுறிகள் தோன்றினால் வரம்பை மேலும் இறுக்குவதில் பயனில்லை. பள்ளிக்குச் செல்ல மறுத்தல், உணவையும் உறக்கத்தையும் விட்டுத் திரையிலேயே இருத்தல், கைப்பேசியை எடுத்தால் கட்டுக்கடங்காத சினம், முன்பு விரும்பிய விளையாட்டையும் நண்பர்களையும் அறவே துறத்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால், அது மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. பெங்களூரிலுள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனம் இத்தகையோருக்கென்றே 2014ஆம் ஆண்டில் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். மாநில மொழிகளிலும் பேசலாம்.

பத்தாம் வகுப்பு மாணவி இன்னும் மூன்று ஆண்டுகளில் 18 வயதை எட்டுவாள். அன்று மேற்பார்வை முடிவுறும். விடுதி அறையில் Downtime அமைக்கத் தாயார் அருகில் இருக்க மாட்டார். ஆகவே 15 வயதில் இரவுப் பூட்டும், 16 வயதில் பிள்ளையே தனக்கு விதித்துக்கொள்ளும் செயலி வரம்பும், 17 வயதில் வாரக் கணக்கைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும் வழக்கமும் எனப் பெற்றோரின் பிடி படிப்படியாகத் தளர வேண்டும். அதற்குள் தன் கைப்பேசியைத் தானே கூடத்து மேசையில் வைத்துவிட்டு உறங்கச் செல்லும் பழக்கம் அவளுக்கு ஏற்பட்டிருக்குமாயின், கருவி செய்ய வேண்டிய பணி நிறைவேறியது எனலாம்.